கேக் சொல்லும் குற்றம்: பாரன்ஹீட், செல்சியஸ், விசிறி ஓவன் கணக்கில் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வழி

பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் நான்கு வீட்டிலாவது கேக் வேகும். அமெரிக்காவில் இருக்கும் தங்கையிடமிருந்து ஒரு செய்முறை வரும், லண்டனில் இருக்கும் மகனிடமிருந்து இன்னொன்று வரும், ஆச்சியின் பழைய நோட்டிலிருந்து மூன்றாவது ஒன்று எடுக்கப்படும். மூன்றும் சூட்டை மூன்று விதமாகச் சொல்கின்றன. அமெரிக்கச் செய்முறை பாரன்ஹீட்டில் இருக்கும். லண்டன் செய்முறை செல்சியஸில் இருந்தாலும் விசிறி உள்ள ஓவனுக்குச் சற்றுக் குறைந்த ஓர் எண்ணும் இல்லாத ஓவனுக்கு ஓர் எண்ணும் தரும். ஆச்சியின் நோட்டில் ‘மிதமான ஓவன்’ என்று மட்டும் இருக்கும், அதை 180 செல்சியஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டு ஓடிஜி என்ற சின்ன மின் ஓவனின் குமிழிலோ 100 முதல் 250 வரை செல்சியஸ் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது.

வீட்டிலிருந்து ஆர்டருக்கு கேக் செய்து கொடுப்பதால், சரியாக வராத கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தார் என்னிடம் வருவதுண்டு. மாவிலும் முட்டையிலும் குற்றம் இல்லாதபோது, பெரும்பாலும் சூட்டுக் கணக்கில்தான் பிசகு இருக்கும். அந்தப் பிசகும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. எண்ணை மாற்றும்போது நடக்கலாம், விசிறிக்காகக் குறைக்கும்போது நடக்கலாம், எல்லாம் சரியாக இருந்து குமிழே பொய் சொல்லலாம். கேக்கின் தோற்றத்தைப் பார்த்தால் எங்கே நடந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே தோற்றத்தின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

அறிகுறி: செய்முறையில் உள்ள எண் குமிழில் இல்லை, அல்லது வைத்த பத்து நிமிடத்தில் எல்லாம் கருகிவிட்டது

செய்முறையில் 325, 350, 375 என்று இருந்தால் அது பாரன்ஹீட் என்பதில் ஐயமே வேண்டாம், ஏனென்றால் வீட்டு ஓவன் எதுவும் 350 செல்சியஸில் கேக் வேகவைப்பதில்லை. இந்த எண்கள் குமிழில் இல்லாததே ஒரு பாதுகாப்பு. ‘இருப்பதிலேயே அதிகம் 250தான், அதிலேயே வைப்போம்’ என்று கடைசி வரை திருகுபவர்களும் உண்டு. 250 செல்சியஸ் என்பது 482 பாரன்ஹீட். 350 கேட்ட செய்முறைக்கு அது 130 பாரன்ஹீட்டுக்கு மேல் கூடுதல்.

உண்மையான ஆபத்து இரண்டு அளவுகளிலும் இருக்கக்கூடிய 200, 225, 250 ஆகிய எண்களில் இருக்கிறது. முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் பண்டங்களின் அமெரிக்கச் செய்முறைகளில் இவை அடிக்கடி வரும். நம் ஊர்ப்பக்கத்து மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்தது. அது வேகவேண்டிய பண்டம் என்பதை விட உலரவேண்டிய பண்டம் என்பதே பொருத்தம். அதை வீட்டில் முயன்ற ஒருவர் ஓர் அமெரிக்க மெரிங்குச் செய்முறையைப் பார்த்து, 225 என்ற எண்ணை அப்படியே குமிழில் வைத்தார். செய்முறை சொன்னது 225 பாரன்ஹீட், அதாவது 107 செல்சியஸ். ஓவனுக்குள் இருந்ததோ 225 செல்சியஸ். மக்ரூன்கள் பத்து நிமிடத்தில் கூம்பின் நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கின. உள்ளே விரலை வைத்தால் பசை மாதிரி இழுத்தது. வெளியே கரி, உள்ளே பச்சை என்ற இந்த இரண்டும் ஒரே சமயத்தில், அதுவும் சொன்ன நேரத்தில் கால் பங்குகூட ஆவதற்குள் தோன்றினால், பாரன்ஹீட் எண்ணைச் செல்சியஸாக வாசித்துவிட்டீர்கள் என்றே கொள்ளலாம்.

மாற்றுவதற்கான முழுக் கணக்கு இதுதான்:

```
C = (F - 32) × 5 ÷ 9
F = C × 9 ÷ 5 + 32
```

கை மாவாக இருக்கும்போது இதைப் போட்டுப்பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. கேக் வேகும் சூட்டுக்கு இதை விட எளிதான வழி ஒன்று இருக்கிறது: பாரன்ஹீட் எண்ணைப் பாதியாக்கிவிடுங்கள். 350-இன் பாதி 175, சரியான விடை 177. 325-இன் பாதி 162 அல்லது 163, சரியான விடையும் 163. 320 பாரன்ஹீட் துல்லியமாக 160 செல்சியஸ். அந்த இடத்தில் பாதிக் கணக்கு பிசகே இல்லாதது. அங்கிருந்து மேலே போனாலும் கீழே போனாலும் ஒவ்வொரு 18 பாரன்ஹீட்டுக்கும் ஒரு செல்சியஸ் வீதம் பிழை கூடும். ஆகவே 300 முதல் 400 வரை பிழை ஐந்து டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. மக்ரூன் போன்ற குறைந்த சூட்டுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி பொருந்தாது. 200 பாரன்ஹீட்டின் பாதி 100, ஆனால் உண்மையில் அது 93; உலர்த்தும் பண்டத்தில் அந்த ஏழு டிகிரி நிறத்தில் தெரியும்.

வெயிலைக் கணக்கிடப் பலர் வைத்திருக்கும் ‘முப்பதைக் கழித்துப் பாதியாக்கு’ என்ற வழியை ஓவனுக்குக் கொண்டுவரக் கூடாது. 350-க்கு அது 160 என்று சொல்லும். 17 டிகிரி குறைவு. மேலும் ஏமாற்றக்கூடியது என்னவென்றால், அது விசிறிக்காகக் குறைத்த எண் போலவே தோற்றமளிக்கும். குறைத்தாகிவிட்டதா இல்லையா என்று பிறகு உங்களுக்கே குழப்பம் வரும்.

அறிகுறி: மேல்புறம் வெளுத்திருக்கிறது, நடு அமிழ்ந்துவிட்டது, வெட்டினால் அடியில் பிசுபிசுப்பான ஒரு கோடு

என்னிடம் அதிகமாக வருவது இந்தக் கேக்தான். இது தேவையை விடக் குறைந்த சூட்டில் வெந்த கேக். பேக்கிங் பவுடர் தன் காற்றை விட்டுவிட்டது. ஆனால் அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்த முட்டையும் மாவும் உரிய நேரத்தில் இறுகவில்லை. சின்னக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி வெளியேறிவிட, மேலே தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் நடு இறங்குகிறது. கனமான பகுதி அடியில் தங்கி, மெழுகு போன்ற கோடாகத் தெரிகிறது. வெளியே எடுத்த பிறகு அமிழ்ந்தது என்று சிலர் சொல்வார்கள். உள்ளேயே சரியாக ஏறவில்லை என்பதுதான் உண்மை. வெளியே எடுத்தபோது நம் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

போன கிறிஸ்மஸ் சமயத்தில் என் மதினி இப்படி ஒரு வட்டக் கேக்கைக் கொண்டுவந்தார்கள். செய்முறை அமெரிக்காவிலுள்ள அவர்களுடைய தங்கை அனுப்பியது: எட்டு அங்குல டின், 350 பாரன்ஹீட், 40 நிமிடம். மதினியின் ஓடிஜியில் பக்கச்சுவரில் ஒரு சின்ன விசிறி உண்டு.

“மதினி, எத்தனையில வச்சிய?” என்று கேட்டேன்.

“நீங்க சொன்னமாரிதான், ஃபேன் ஓடுனா இருவது கொறைக்கணும்னு. கணக்குப் போட்டுத்தான் வச்சேன்” என்றார்கள். கணக்கை எழுதிய தாளையும் எடுத்து நீட்டினார்கள்.

தாளில் தவறு பளிச்சென்று இருந்தது. செய்முறை பாரன்ஹீட்டில் இருந்ததால், குறைக்கவேண்டிய 20 செல்சியஸையும் பாரன்ஹீட்டாக மாற்றவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் அலைபேசியில் 20 செல்சியஸ் என்று போட்டால் அது 68 பாரன்ஹீட் என்று சொல்லும். அந்த 68-ஐ 350-லிருந்து கழித்து 282 என்று எழுதி, அதை மறுபடி செல்சியஸாக்கினால் 139. குமிழ் 140-இல் வைக்கப்பட்டது. கேக் 40 நிமிடத்தில் வெளுத்தே இருந்தது; இன்னும் ஒரு கால் மணி நேரம் விட்டிருக்கிறார்கள்; மேல்தோல் உலர்ந்ததைத் தவிர வேறு பயன் இல்லை.

அலைபேசி சொன்ன 68 பொய்யல்ல. ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. ‘20 டிகிரி செல்சியஸ் என்ற குளிர்ந்த அறை பாரன்ஹீட்டில் எத்தனை’ என்பதற்கு 68 சரி. ‘சூடு 20 டிகிரி செல்சியஸ் இறங்கினால் பாரன்ஹீட்டில் எத்தனை இறங்கும்’ என்பதற்கு விடை 36.

குறுக்குத்துறையில் தாமிரபரணி வெள்ளம் ஏறும்போது, ஒருவர் ஆற்றின் அடிமணலிலிருந்து முழக்கணக்கில் அளக்கிறார், இன்னொருவர் படித்துறையின் கீழ்ப்படியிலிருந்து அடிக்கணக்கில் அளக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இப்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னதை மற்றவர் தம் கணக்குக்கு மாற்ற வேண்டுமானால், முழத்தை அடியாக்கவும் வேண்டும், தொடங்கிய இடம் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேற்றிலிருந்து இன்றைக்கு எவ்வளவு ஏறியது என்று மட்டும் கேட்டால் தொடங்கிய இடம் தேவையே இல்லை. முழத்தை அடியாக்கினால் போதும். பாரன்ஹீட் கணக்கில் வரும் 32 அந்தத் தொடங்கும் இடம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அதில் வேலை இல்லை:

```
குறைக்கும் F = குறைக்கும் C × 9 ÷ 5
குறைக்கும் C = குறைக்கும் F × 5 ÷ 9
```

இதே தவறு எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். அமெரிக்கர்கள் விசிறி ஓவனுக்கு 25 பாரன்ஹீட் குறைக்கச் சொல்வார்கள். அதை அலைபேசியில் செல்சியஸாக்கினால் மைனஸ் 3.9 என்று வரும். மைனஸைக் குறைப்பதா கூட்டுவதா என்று திகைத்து, கடைசியில் ஒன்றும் செய்யாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 25 பாரன்ஹீட் குறைத்தல் என்பது செல்சியஸில் ஏறத்தாழ 14 குறைத்தல். பிரிட்டிஷ் வழக்கமோ 20 செல்சியஸ் குறைக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மை, ஆனால் இரண்டுமே வழக்கில் தேறிய அளவுகள்.

மதினியின் கேக்குக்குச் சரியான கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தோம். முதல் வழியில் 350-ஐச் செல்சியஸாக்கினால் 177, அதில் 20 போனால் 157. இரண்டாவது வழியில் 350-இல் 25 போனால் 325, அதைச் செல்சியஸாக்கினால் 163. ஓடிஜியின் சூடு தானே பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்த ஆறு டிகிரிக்காகச் சண்டை போடுவதில் பொருளில்லை. இரண்டுக்கும் நடுவே 160 என்று வைத்தோம். அவர்கள் முதலில் வைத்த 140-க்கும் இதற்கும் 20 டிகிரி வித்தியாசம். மறுநாள் அதே மாவு, அதே டின், 160 டிகிரி. முப்பதாவது நிமிடத்தில் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே பார்த்தபோது நடு இன்னும் லேசாகத் ததும்பியது. முப்பத்தைந்தில் ஈர்க்கைக் குத்தியபோது நுனியில் ஈரமாவு ஒட்டியது. முப்பத்தொன்பதில் குத்தியபோது இரண்டு உலர்ந்த துகள் மட்டும் வந்தது; நடுவை விரலால் தொட்டால் மேலெழுந்தது.

இங்கே ஒழுங்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வரவே வராது: முதலில் செய்முறையின் எண்ணைச் செல்சியஸாக்கி முடித்துவிடுங்கள், அதன் பிறகு செல்சியஸிலேயே 20-ஐக் கழியுங்கள். குறைக்கும் அளவை எந்தக் கருவியிலும் மாற்றாதீர்கள்.

வெளுத்து அமிழ்ந்த கேக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோற்றத்தை வைத்து அதைப் பிரிக்க முடியாது, செய்முறைத் தாளைத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் செய்முறைகளில் 180 என்று ஓர் எண்ணும் அதன் அருகே விசிறிக்கு 160 என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அதில் 160-ஐ எடுத்துக்கொண்டு, ‘நம்முடையது விசிறி ஓவனாயிற்றே’ என்று மேலும் 20 கழித்தால் மறுபடியும் 140-இல் வந்து நிற்போம். விசிறிக்காகக் குறைப்பது ஒரே முறைதான். கன்வெக்‌ஷன் வசதியுள்ள மைக்ரோவேவ் வாங்கும்போது கூடவே வரும் சமையல் புத்தகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த எண்கள் அந்தப் பெட்டிக்காகவே, அதன் விசிறியோடு சோதித்து எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றும் கழிக்க வேண்டாம். அதே பெட்டியில் வேறிடத்துச் செய்முறையைச் செய்தால் கட்டாயம் கழிக்க வேண்டும், ஏனென்றால் கன்வெக்‌ஷனில் வைத்தால் அதன் விசிறி எப்போதும் ஓடும், பெரும்பாலும் நிறுத்தவே முடியாது.

கேக் இன்னும் உள்ளே இருக்கும்போதே இந்தத் தவறைக் கண்டுகொண்டால் குமிழைச் சரியான எண்ணுக்கு ஏற்றிவிடலாம். உட்புறம் சற்றுக் கனமாக இருந்தாலும் பச்சையாக இருக்காது. நடு அமிழ்ந்துவிட்டதென்றால் எவ்வளவு சூடு வைத்தாலும் மறுபடி எழாது.

அறிகுறி: வெளியே கருஞ்சிவப்பு, நடு கூம்பாக எழுந்து வெடித்திருக்கிறது, உள்ளே ஈரம்

இது சூடு அதிகமானதன் அடையாளம். ஓரங்கள் சீக்கிரமே இறுகிவிட, நடுவில் இருக்கும் மாவு தாமதமாகச் சூடேறி, போக வேறு வழியில்லாமல் மேலே பிளந்துகொண்டு எழுகிறது. விசிறி ஓடும்போது குறைக்க மறந்தவர்களின் கேக் இப்படித்தான் வரும். காற்றின் சூடு அதே 180 ஆக இருந்தாலும் விசிறி ஓடும்போது கேக்குக்குள் போகும் வெப்பம் கூடுதல். அசையாத காற்றில், டின்னைச் சுற்றியும் மாவின் மேலும் சற்றுக் குளிர்ந்த, ஈரமான காற்று ஒரு போர்வை போல ஒட்டிக்கிடக்கும். விசிறி அந்தப் போர்வையை ஓயாமல் விலக்கிக்கொண்டே இருக்கிறது. வியர்த்த உடம்பில் காற்று படும்போது குளிர்வது எதனால் விரைவாகிறதோ, அதே காரணத்தால் இங்கே சூடேறுவது விரைவாகிறது. 20 டிகிரி குறைப்பது இதை ஈடுகட்டத்தான்.

ஆனால் இந்தத் தோற்றத்தைப் பார்த்தவுடன் விசிறியின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். சின்ன ஓடிஜியில் மேல் ராடுக்கும் கேக்குக்கும் இடையே நான்கு விரல் தூரம்தான் இருக்கும். அந்த ராடு சிவக்கும்போது கேக்கின் உச்சியில் படுவது காற்றின் சூடல்ல, நெருப்பை நேரே பார்க்கும் சூடு. அதைக் குமிழின் எண் அளப்பதும் இல்லை. எப்படிப் பிரிப்பது? கேக்கை டின்னிலிருந்து எடுத்துப் பக்கவாட்டைப் பாருங்கள். பக்கமும் அடியும் உச்சியைப் போலவே கருத்து, தடித்த தோலாக இருந்தால் ஓவன் முழுவதும் சூடு அதிகம்; கணக்கைத் திருத்துங்கள். பக்கமும் அடியும் பொன்னிறமாக இருந்து உச்சி மட்டும் கருத்திருந்தால் எண் சரியாகவே இருக்கிறது, கேக்தான் ராடுக்கு அருகில் போய்விட்டது. தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். அல்லது மேல்புறம் பொன்னிறம் வந்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். இந்த இரண்டாவது வகைக்குப் போய் 20 டிகிரி குறைத்தீர்களானால், உச்சியின் கருப்பு கொஞ்சம் குறையும், அடியோ பச்சையாகவே நிற்கும்.

உடன்குடிக் கருப்பட்டி போட்ட கேக்குக்கு இந்த நிறச் சோதனை எதுவும் செல்லாது. அதன் மாவே பழுப்பு. வேகாதபோதும் வெந்த நிறம் காட்டும். அங்கே ஈர்க்கு சொல்வதை மட்டும் நம்புங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூட்டை 20 குறைத்துவிட்டு, நேரத்தையும் கால் பங்கு குறைப்பவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும், கேக்குக்குச் சூட்டைக் குறைப்பதே மேல். நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, செய்முறை சொன்ன நேரத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் முன்னாலிருந்து பார்க்கத் தொடங்கினால் போதும்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் கருத்திருக்கிறது, அல்லது மேல்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது

இதற்கு எண்ணோடு தொடர்பில்லை. விசிறி இருக்கும் பக்கத்தில் சூடான காற்று நேராக மோதுகிறது. தளர்ந்த மாவாக இருந்தால் மேற்பரப்பில் அலை அலையாகக் கோடுகூட விழும், தட்டில் விரித்த காகிதத்தின் ஓரம் பறந்து மாவில் வந்து ஒட்டிக்கொள்ளும். கேக் பாதி நேரத்தைத் தாண்டி இறுகிய பிறகு டின்னைத் திருப்பி வையுங்கள். அதற்கு முன்னால் திறந்தால் நடு இறங்கிவிடும். அடித்த முட்டை வெள்ளைப் பண்டங்களுக்கு, விசிறியை நிறுத்த வசதியிருந்தால் நிறுத்திவிட்டு, 20-ஐக் குறைக்காமல் செய்வதே நல்லது.

அறிகுறி: கணக்கெல்லாம் சரி, ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பிசகுகிறது

ஒரு முறை கருகி ஒரு முறை வெளுத்தால் தவறு கையில் இருக்கிறது. எப்போதும் வெளுக்கிறது, அல்லது எப்போதும் கருகுகிறது என்றால் குமிழைச் சந்தேகிக்க வேண்டும். ஓடிஜியின் குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 165-ஆகவும் இருக்கலாம், 195-ஆகவும் இருக்கலாம். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று விலை அதிகமில்லை. அதை நடுத்தட்டில் வைத்து, ராடு சூடேறுவதைக் காட்டும் விளக்கு ஒரு முறை அணைந்து மறுபடி எரிந்து மறுபடியும் அணைந்த பிறகு படித்துப் பாருங்கள். முதல் முறை விளக்கு அணைவது காற்று சூடானதையே காட்டுகிறது. தகரச் சுவர்கள் அப்போதும் சூடேறி முடிந்திருக்காது. மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் இது இன்னும் தாமதமாகும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் ராடு தன் வலுவில் நான்கில் மூன்று பங்குதான் தரும். குமிழின் எண்ணை அது மாற்றுவதில்லை, அந்த எண்ணை எட்டும் நேரத்தை நீட்டுகிறது. பத்து நிமிடத்தில் சூடாகும் ஓவனுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு மாவை வையுங்கள்.

வெப்பமானி இல்லையென்றால் சீனி உதவும். தூய வெள்ளைச் சீனி ஏறத்தாழ 186 செல்சியஸில் உருகும். ஒரு தேக்கரண்டிச் சீனியை அலுமினியத் தாளில் பரப்பி, நன்றாகச் சூடேறிய ஓவனில், விசிறியை நிறுத்திவிட்டு, நடுத்தட்டில் வையுங்கள். குமிழ் 175-இல் இருக்கும்போது கால் மணி நேரம் ஆகியும் அது சீனியாகவே இருக்க வேண்டும். ஓரத்தில் லேசான மஞ்சள் தட்டினால் பரவாயில்லை. புதுச் சீனி வைத்து, குமிழை 195-க்கு ஏற்றினால் அதே நேரத்துக்குள் உருகி ஓட வேண்டும். 175-லேயே உருகினால் உங்கள் ஓவன் சொல்வதை விடச் சூடானது. 195-லும் உருகாவிட்டால் சொல்வதை விடக் குளிர்ந்தது. கருப்பட்டியையோ நாட்டுச் சர்க்கரையையோ வைத்து இதைச் செய்யக் கூடாது. அவை தூய சீனி அல்ல, முன்னதாகவே இளகிவிடும். தட்டு மேல் ராடுக்கு அருகில் இருந்தாலும் ராடின் நேர்ச்சூட்டில் சீனி உருகிப் பொய்ச் சாட்சி சொல்லும்.

மதினியின் ஓடிஜியில் இதைச் செய்து பார்த்தபோது 195-இல் சீனி அசையவில்லை, 205-இல்தான் உருகியது. அதாவது அவர்கள் குமிழ் ஏறத்தாழப் பத்து டிகிரியாவது கூட்டிச் சொல்கிறது. நாங்கள் 160 என்று வைத்து எடுத்த கேக் உண்மையில் 150-க்கு அருகில் வெந்திருக்கிறது; முப்பத்தொன்பது நிமிடம் ஆனதற்கும், மேல்புறம் நான் எதிர்பார்த்ததை விட ஒரு சாயல் வெளுத்திருந்ததற்கும் அதுவே காரணம். இப்போது அவர்கள் ஓடிஜியின் பக்கவாட்டில் ஒரு மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் ‘350 F என்றால் ஃபேனோட 170’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.